முதல் கேள்வியை விட்டுவிட்டு, கடைசிக் கேள்வியைக் குறித்துக்கொண்டேன்

ஈரோட்டில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், ஒரு மாடியில் இருக்கிறது அந்தப் பயிற்சி நிலையம். இரண்டு அறை, பதினெட்டு கம்ப்யூட்டர். டேலி, ஜிஎஸ்டி, கொஞ்சம் எக்செல் சொல்லித் தருகிறார்கள். நடத்துகிறவர் ஒரு காலத்தில் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தவர். ஏப்ரலில் கூப்பிட்டார். "தம்பி, வெப்சைட் பழசாயிருச்சு. புதுசா ஒண்ணு பண்ணித் தரோணும்."

பழையதைத் திறந்து பார்த்தேன். மேலே வெள்ளைக்காரப் பிள்ளைகள் பட்டமளிப்புத் தொப்பியைத் தூக்கி எறிகிற படம். அது நகர்ந்தால் இன்னொரு படம். அதற்குக் கீழே நோக்கம், தொலைநோக்கு. எல்லாம் ஆங்கிலம். எந்தப் பக்கத்துக்குப் போனாலும் கடைசி வரி ஒன்றுதான்: மேலும் விவரங்களுக்கு அழைக்கவும்.

புதிய வெப்சைட்டுக்கு என்று அவர் பதினோரு பக்கங்களின் பட்டியலை எழுதி வைத்திருந்தார். இதில் ஜனங்கள் முதலில் எதைத் தேடுவார்கள் என்று கேட்டேன். "பீஸ்தான் கேப்பாங்க. ஆனா அதை மட்டும் போட்ராதீங்க, போன் பண்ணட்டும்" என்றார். அங்கிருந்துதான் இந்த வேலை தொடங்கியது. வெப்சைட் கட்டியது பத்து நாள் வேலை. அதில் எதை மேலே வைப்பது என்று முடிவு செய்ய இரண்டு மாதம் ஆனது. இந்தப் பதிவு அந்த இரண்டு மாதத்தைப் பற்றியது.

முதல் முயற்சி படுதோல்வி. ஒரு சாயங்காலம் உரிமையாளர், பாடம் எடுக்கும் ஒருவர், நான் என மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு பெர்சோனா, அதாவது வெப்சைட்டுக்கு வரும் ஆள் இப்படித்தான் இருப்பார் என்ற மாதிரிச் சித்திரம், எழுதினோம். பெயர் கார்த்திக், வயது 21, பி.காம் மூன்றாம் ஆண்டு. கிரிக்கெட் பிடிக்கும், இன்ஸ்டாகிராமில் இருப்பான். லட்சியம், நல்ல வேலை. இணையத்திலிருந்து சிரித்த முகமாக ஒரு படத்தையும் எடுத்து ஒட்டினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதினோரு பக்கங்களையும் வரிசைப்படுத்தப் பார்த்தேன். எப்படி வரிசைப்படுத்தினாலும் கார்த்திக்குக்குப் பொருந்தியது. கிரிக்கெட்டை அடித்துவிட்டு கேரம் என்று எழுதினாலும் வெப்சைட்டில் ஒரு எழுத்து மாறப்போவதில்லை. ஒரு வரியை மாற்றினால் எந்தப் பக்கமும் மாறவில்லை என்றால், அந்த வரிக்கு அந்தத் தாளில் வேலை இல்லை. அப்படிப் பார்த்தால் கார்த்திக்கிடம் மிஞ்சியது பி.காம் மட்டும்தான்.

பெர்சோனா முறையை 1990-களின் கடைசியில் மென்பொருள் உலகில் பரப்பிய ஆலன் கூப்பர், உண்மையில் பேசிப் பார்த்த ஆட்களிடமிருந்துதான் அதை உருவாக்கினார். நாங்கள் செய்தது, எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருந்ததற்கு மீசை வரைந்த கதை. தாளைக் கிழித்துப் போட்டேன்.

அடுத்து எடுத்தது விசாரணை நோட்டு. வரவேற்பு மேஜையில் இருக்கும் அக்கா பதினோரு வருஷமாக அங்கே இருக்கிறார். நீள நோட்டு. தேதி, பெயர், கோர்ஸ், போன் நம்பர், கடைசியில் குறிப்பு. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாதத்தில் 190 வரிகள். குறிப்புக் கட்டத்தில் அக்காவின் சொந்தச் சுருக்கெழுத்து. "யோ.சொ." என்றால் யோசித்துச் சொல்கிறேன். "எ." என்றால் திரும்பக் கூப்பிட்டோம், எடுக்கவில்லை. "அ.கே." மட்டும் எனக்குப் புரியவில்லை.

"அப்பாகிட்டக் கேட்டுச் சொல்றேன்னு சொன்னவங்கண்ணா" என்றார்.

எண்ணிப் பார்த்தால் 34 அ.கே. அந்த நோட்டில் எழுதியிருக்கும் பெயர் பையனுடையது அல்லது பொண்ணுடையது. ஆனால் முடிவு எடுக்கிற ஆள் நோட்டில் இல்லவே இல்லை. அவர் எங்கோ பவானியிலோ சிவகிரியிலோ வீட்டில் இருக்கிறார். நாங்கள் எழுதிய கார்த்திக்குக்கு அப்பாவே கிடையாது.

நோட்டில் இன்னொரு குறை. யார் எந்தக் கோர்ஸைக் கேட்டார் என்று இருக்கிறது, என்ன கேட்டார் என்று இல்லை. அதனால் மே மாதம் பன்னிரண்டு வேலை நாள் அக்கா பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். போன் வந்தால் ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். பெயர், நம்பர் எதையும் எழுதவில்லை. வந்தவர் கேட்ட முதல் கேள்வியையும் போனை வைப்பதற்கு முன் கேட்ட கடைசிக் கேள்வியையும் மட்டும் இரண்டு கட்டத்தில் எழுதினேன். மொத்தம் 73 அழைப்பு.

முதல் கேள்விக் கட்டத்தில் ஒன்றும் புதிதில்லை. 41 பேர் பீஸ் கேட்டார்கள். உரிமையாளர் சொன்னது சரிதான். ஆனால் இரண்டு மூன்று நாள் கழிந்ததும் கடைசிக் கேள்விக் கட்டம் வேறு கதை சொல்ல ஆரம்பித்தது. "சாயங்காலம் ஏழு மணிக்கு மேல பேட்ச் இருக்குதுங்களா?" "பொண்ணு தனியா வரும்ங்க, எத்தனை மணிக்கு விடுவீங்க?" "இது கவர்மெண்ட் சர்டிபிகேட்டுங்களா?" "பணத்தை ரெண்டு தடவையாக் கட்டலாமா?" ஒரு பெண் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, வைக்கப் போகும்போது, குரலைத் தாழ்த்தி, "சின்னப் பசங்களோடதான் உட்காரணுங்களா?" என்றார். வயது முப்பத்தெட்டாம்.

பீஸ் என்பது பேச்சை ஆரம்பிக்க எல்லோரும் தட்டுகிற கதவு. எந்தக் கடைக்குப் போனாலும் விலை கேட்டுத்தானே தொடங்குகிறோம். போனை வைப்பதற்கு முன் கேட்கிற கேள்விக்கு வரும் பதிலைப் பொறுத்துத்தான் வருவதும் வராததும். ஏழு மணிக்கு மேல் பேட்ச் இல்லை என்று அக்கா சொன்னதும் "சரிங்க" என்று வைத்தவர் எவரும் அந்தப் பன்னிரண்டு நாளில் நேரில் வரவில்லை.

ஆனால் இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்து நான் கேட்டதெல்லாம் போன் செய்தவர்களை மட்டுமே. வெப்சைட்டைப் பார்த்துவிட்டுப் போனே செய்யாமல் போனவர் நோட்டிலும் இல்லை, என் தாளிலும் இல்லை. வெப்சைட் யாரையாவது இழக்கிறது என்றால் அவரைத்தான். அவரை எங்கே போய்ப் பிடிப்பது?

முழுசாகப் பிடிக்க முடியாது. கிட்டத்தில் போகலாம். படித்துக்கொண்டிருக்கும் எட்டுப் பேரிடம் பேசினேன். யோ.சொ., எ. என்று போட்டிருந்தவர்களில் இருபது பேரை அக்காவே கூப்பிட்டு, பேச முடியுமா என்று கேட்டார். ஆறு பேர் ஒத்துக்கொண்டார்கள்.

பேட்டியில் ஒரு விஷயம் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். முதல் ஆளிடம் "ஏன் சேரவில்லை?" என்று கேட்டுவிட்டேன். "டைம் இல்லீங்க." அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. யாரிடம் ஏன் என்று கேட்டாலும் மரியாதையான ஒரு காரணம்தான் வரும். இரண்டாவது ஆளிலிருந்து கேள்வியை மாற்றினேன். "எங்களுக்குப் போன் பண்ணின அன்னைக்கு என்ன நடந்துச்சு? எங்க இருந்தீங்க, பக்கத்துல யாரு இருந்தாங்க, அதுக்கு முன்னாடி போன்ல என்ன பார்த்தீங்க?" நாளை ஒரு மணி நேரம் ஒரு மணி நேரமாகப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், அவர்களே மறந்துபோன விஷயமெல்லாம் வரும்.

அப்படி வந்த ஒன்றை மட்டும் முழுசாகச் சொல்கிறேன். நோட்டில் அவர் நம்பருக்கு நேரே "எ." மூன்று தடவை. நூல் கடையில் கணக்கு எழுதுகிறார், வயது 29. டேலியில் எண்ட்ரி போடத் தெரியும். ஆனால் ஜிஎஸ்டி ரிட்டர்னைப் போடுவது வெளியே இருக்கும் ஆடிட்டர் ஆபீஸ். அதைத் தானே போடக் கற்றுக்கொண்டால் சம்பளம் கூட்டிக் கேட்கலாம் என்று ஆசை. மாதாமாதம் 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதிக்குள் 3பி என்று இரண்டு ரிட்டர்ன். அந்த இரண்டு தேதிக்கும் முந்தைய நாட்களில் பில் தேடுவது, ஆடிட்டர் ஆபீசுக்கு அலைவது, திட்டு வாங்குவது. ஜனவரி 21-ம் தேதி ராத்திரி, எல்லாம் முடிந்து வீட்டில் படுத்துக்கொண்டு, இதை நாமே கற்றுக்கொண்டால் என்ன என்று போனில் தேடியிருக்கிறார். எங்கள் வெப்சைட் வந்திருக்கிறது. நேரம் எங்கேயும் இல்லை. மேலும் விவரங்களுக்கு அழைக்கவும். மணி பத்து. யாரை அழைப்பது?

காலையில் கடை. மறந்துவிட்டது. பிப்ரவரி 21, திரும்ப அதே அலுப்பு, அதே தேடல், அதே வரி. மார்ச் 22-ம் தேதி ராத்திரி 9.40-க்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்திருக்கிறார், காலையில் பார்த்துக் கூப்பிடட்டும் என்று. அக்கா கூப்பிட்டார், காலை பதினோரு மணிக்கு. அந்த நேரத்தில் முதலாளி எதிரே உட்கார்ந்திருக்கும்போது இன்னொரு வேலை கற்றுக்கொள்வதைப் பற்றி எப்படிப் பேசுவார்? எடுக்கவில்லை. மூன்று நாள் அதே பதினோரு மணி. ஏப்ரலில் வேறொரு நிலையத்தில் சேர்ந்துவிட்டார். ஏன் அங்கே என்றேன். "அவங்க பக்கத்துலயே இரவு 7.30 முதல் 9 வரைன்னு போட்டிருந்தாங்க. வேற ஒண்ணும் பார்க்கலைங்க."

எங்களிடமும் அதே நேரத்தில் ஆசிரியர் சும்மாதான் இருந்தார். கேட்டால் பேட்ச் போட்டிருப்பார்கள்.

ஒரு ஆள் சொன்னதை வைத்துக் கோட்டை கட்டக்கூடாது என்பதால், கூகுள் அனலிட்டிக்ஸில் வெப்சைட்டுக்கு வந்தவர் எண்ணிக்கையை மணிவாரியாகப் பார்த்தேன். ராத்திரி ஒன்பது முதல் பதினொன்று வரை ஒரு சின்ன மேடு இருந்தது. சின்ன வெப்சைட், சின்ன எண்கள். 21-ம் தேதி எகிறுகிறதா என்று பார்க்கிற அளவுக்கு அதில் சதை இல்லை. கூகுள் சர்ச் கன்சோலில் ஜனங்கள் தட்டிய சொற்களைப் பார்த்தபோதுதான் கொஞ்சம் தைரியம் வந்தது. இப்படிப்பட்டவை:

```
tally class erode evening batch
gst course erode sunday
tally course fees erode
```

கேட்பவர்கள் நேரத்தையும் சேர்த்துத்தான் தட்டுகிறார்கள். எங்கள் பக்கத்தில்தான் அந்தச் சொல்லே கிடையாது.

இப்போது பெர்சோனாவை மறுபடி எழுதினேன். வயது, பட்டம், பொழுதுபோக்கு வைத்துப் பிரிக்கவில்லை. எந்தச் சூழ்நிலையில், யாரோடு சேர்ந்து, எந்தக் கட்டுக்குள் முடிவெடுக்கிறார்கள் என்று பார்த்துப் பிரித்தேன். கார்த்திக் மாதிரி பெயரும் வைக்கவில்லை. பெயர் வைத்தால் கூட்டத்தில் ஆளாளுக்குத் தனக்குத் தெரிந்த கார்த்திக்கை நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அவரவர் வாயால் சொன்ன வாக்கியத்தையே தலைப்பாக்கினேன்.

முதலாவது, "அப்பாகிட்டக் கேட்டுச் சொல்றேன்". கல்லூரி முடித்தவர் அல்லது முடிக்கப் போகிறவர். பார்ப்பது அவர், கட்டுவது அப்பா. இரண்டாவது, "இருபதாம் தேதிக்கு அப்புறம்". நூல் கடைக்காரர் மாதிரி ஏற்கெனவே கணக்கு எழுதுகிறவர். மூன்றாவது, "பிள்ளையை ஸ்கூலுக்கு விட்டுட்டு". கல்யாணத்துக்கு முன் கணக்கு வேலை பார்த்து, எட்டு பத்து வருஷ இடைவெளிக்குப் பின் திரும்பி வர நினைக்கும் பெண்.

நாலாவதாக ஒன்று எழுதி, எடுத்துவிட்டேன். தன் கடைப் பையனை அனுப்பிவைக்கும் முதலாளி. நான் கேட்ட 73-ல் நாலு அழைப்பு அப்படிப்பட்டவை. பணம் நன்றாகத் தருகிறவர்கள் என்பதால் உரிமையாளருக்கு அவர்கள் மேல் பிரியம். ஆனால் நாலு பேருமே உரிமையாளரைத் தெரிந்தவர்கள். வழக்கமாக நேராக அவர் செல்லுக்கே கூப்பிடுகிறவர்கள். அவர்கள் வருகிற வழியில் வெப்சைட் எந்த இடத்திலும் இல்லை. தொழிலுக்கு முக்கியமான ஆள்தான், வெப்சைட்டுக்கு முக்கியமான ஆள் இல்லை.

அடுத்தது ஜர்னி மேப், ஆசை வந்ததிலிருந்து சேரும் வரை ஒருவர் வருகிற வழியின் படம். அதற்குப் பெர்சோனாவுக்கு ஒன்றாகப் பெரிய சார்ட் பேப்பர் மூன்று வாங்கி வகுப்பறைச் சுவரில் ஒட்டினேன். கம்ப்யூட்டரில் வரைந்தால் அக்கா கிட்டேயே வரமாட்டார். சுவரில் ஒட்டினால் போகிற வருகிறவரெல்லாம் பேனாவை எடுத்துத் திருத்துவார்கள். இடமிருந்து வலமாக நாள் ஓட்டம்: ஆசை வந்த கணம், தேடியது, நாலைந்து நிலையங்களை ஒப்பிட்டது, வீட்டில் பேசியது, போன் அல்லது நேரில் வந்தது, பணம் கட்டியது. மேலிருந்து கீழே நாலு வரி மட்டும் வைத்தேன். அந்த நேரத்தில் மணி என்ன, பக்கத்தில் யார், மனதில் ஓடும் கேள்வி, அந்தக் கேள்விக்கு அந்த நிமிஷம் பதில் சொல்லக்கூடிய ஆள் யார். உணர்ச்சியைக் குறிக்கச் சிரிக்கும் முகம், அழும் முகம் என்று வரைவார்கள். நான் வரையவில்லை, அதைப் பார்த்து எங்களில் யாரும் எதையும் முடிவு செய்யப் போவதில்லை.

நாலாவது வரியில்தான் விடை இருந்தது. பதில் சொல்ல ஆள் இல்லாத கட்டத்தில் எல்லாம் சிவப்புப் பொட்டு வைத்தேன். ராத்திரி எட்டரை மணி, அப்பா வேலையிலிருந்து வந்து சாப்பிட்டு உட்கார்ந்திருக்கிறார், பொண்ணு போனை நீட்டுகிறாள். அப்பா கேட்கிறார்: மொத்தம் எவ்வளவு ஆகும், எத்தனை மாசம், எத்தனை மணிக்கு விடுவார்கள், கவர்மெண்ட் சர்டிபிகேட்டா? நாலு கேள்வி, நாலு சிவப்புப் பொட்டு. நூல் கடைக்காரர், ராத்திரி பத்து மணி: எந்த நேரம்? சிவப்பு. ஆனால் "வேலை வாங்கித் தருவீங்களா?" என்ற கேள்வி, எல்லோரும் மிக முக்கியம் என்று நினைத்த கேள்வி, பெரும்பாலும் நேரில் வந்து மேஜைக்கு எதிரே உட்கார்ந்த பிறகுதான் வந்தது. அங்கே அக்கா இருக்கிறார், உரிமையாளர் இருக்கிறார், போன வருஷம் படித்துவிட்டு ஆடிட்டர் ஆபீசில் இருக்கும் பையனின் கதையைச் சொல்வார்கள். அது வெப்சைட்டில் இருக்கலாம். முதல் திரையில் இருக்க வேண்டியதில்லை. உரிமையாளரின் பட்டியலில் முதல் பக்கமே வேலைவாய்ப்புதான். அதை நாலாவது இடத்துக்குத் தள்ளினேன்.

மூன்று தாளிலும் சிவப்பாக இருந்த கட்டங்களைப் பார்த்தால், எல்லோருக்கும் பொது நேரம்தான். அதற்கு அடுத்து மொத்தப் பணம். மூன்றாவது சான்றிதழ்.

பணம் என்றதும் உரிமையாளர் நிமிர்ந்தார். "போட்டிக்காரங்க பார்த்துருவாங்க தம்பி."

அக்கா சிரித்துவிட்டார். "மாசம் ரெண்டு தடவை அவங்களே போன் பண்ணிக் கேட்டுக்கறாங்க சார். குரலே தெரியுமே."

அப்புறம்தான் நிஜமான தடங்கல் வெளியே வந்தது. ஒரே கோர்ஸுக்கு அந்த நிலையத்தில் மூன்று தொகை ஓடிக்கொண்டிருந்தது. பேரம் பேசியவருக்கு ஒன்று, தெரிந்தவருக்கு ஒன்று, பேசாமல் கட்டியவருக்கு ஒன்று. புத்தகத்துக்கும் தேர்வுக்கும் தனிக் காசு வேறு, ஆள் சேர்ந்த பிறகுதான் அதைச் சொல்வார்கள். எதை வெப்சைட்டில் போடுவது? இது வடிவமைப்புக் கேள்வி இல்லை, வியாபாரக் கேள்வி. இரண்டு வாரம் இழுத்தது. கடைசியில் புத்தகம், தேர்வு எல்லாம் சேர்த்து ஒரே தொகை, இரண்டு தவணை, பேரம் கிடையாது என்று முடிவானது. பேரம் பேசாமல் கட்டியவரிடம் வாங்கிய தொகையைவிடக் கொஞ்சம் குறைவாகவே அது வந்தது. இதற்கு ஒப்புக்கொண்டதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். பல இடங்களில் இந்தப் படியில்தான் வேலை நின்றுபோகும்.

சான்றிதழ் கேள்விக்கு மழுப்பாமல் எழுதினோம். இல்லை, இது எங்கள் நிலையம் தரும் சான்றிதழ். அரசுத் தட்டச்சர் வேலைக்குக் கேட்கும் கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வைத் தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்துகிறது, அது வேறு. இதைப் போட்டால் ஆள் வரமாட்டார்கள் என்று பாடம் எடுப்பவர் பயந்தார். அரசு வேலைக்காகத் தேடி வருகிறவர் வரத்தான் மாட்டார். அவர் சேர்ந்து, ஒரு மாதம் கழித்துத் தெரிந்துகொண்டு, மேஜைக்கு முன் வந்து நிற்கும் காட்சியை அக்கா இரண்டு தடவை பார்த்திருக்கிறார். அவர் ஓட்டு எங்கள் பக்கம்.

எட்டுப் பேர் பேட்டியில் ஐந்து பேர் ஒரே மாதிரி சொன்ன விஷயம் ஒன்று. அப்பாவிடம் வெப்சைட்டைத் திறந்து காட்டுவதில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அப்பா வேலையில் இருக்கும்போதே பார்த்துவிடுவார். அதனால் முதல் திரைக்கு ஒரு சோதனை வைத்தேன்: ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட்டில் அப்பாவின் நாலு கேள்விக்கும் பதில் இருக்க வேண்டும், அதுவும் தமிழில். உரிமையாளரின் மனைவியிடம் ஒரு பழைய சின்னப் போன் இருந்தது, எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பார். அதை வாங்கிப் பார்த்தேன். முதல் தடவை நிலையத்தின் பெயரும் லோகோவுமே பாதித் திரையைத் தின்றுவிட்டன. லோகோவைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் குறைத்தேன். படம் எதுவும் இல்லை. கடைசியில் நின்றது இவ்வளவுதான்: கோர்ஸ் பெயர், எத்தனை மாதம், மூன்று பேட்ச் நேரம், எல்லாம் சேர்ந்த தொகையும் தவணையும், சான்றிதழ் பற்றி ஒரு வரி, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம், வாட்ஸ்அப் பொத்தான். பொத்தானுக்குக் கீழே: "இரவிலும் எழுதலாம். எந்த நேரத்தில் கூப்பிட்டால் வசதி என்று சொல்லுங்கள், அப்போது கூப்பிடுகிறோம்." காலை பதினோரு மணிப் பழக்கத்துக்கு அந்த ஒரு வரியில் முடிவு வந்தது.

இரவு 7.30 பேட்ச் ஒன்று புதிதாக ஆரம்பித்தார்கள். மாதம் 22-ம் தேதி தொடங்கும். 9, 10, 11 தேதிகளிலும் 18, 19, 20 தேதிகளிலும் வகுப்பு இல்லை. சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்து ஆசிரியரே சொன்ன யோசனை இது. ஜவுளிச் சந்தை வியாபாரிகளிடம் வேலை பார்க்கிறவர் ஒருவர், திங்கள் ராத்திரி சந்தை, வர முடியாது என்றதும் திங்களையும் எடுத்தார்கள்.

ஜூலை முதல் வாரம் புதியது ஏறியது. தப்பும் உடனே தெரிந்தது. "பிள்ளையை ஸ்கூலுக்கு விட்டுட்டு" என்ற பெர்சோனாவை நான் மூன்று பேரிடம் மட்டும் பேசி எழுதியிருந்தேன். மூவருக்கும் பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்கு மேல். அதை வைத்துக் காலை 10 முதல் 1 வரை என்று பேட்ச் போட்டோம். வந்த முதல் வாட்ஸ்அப்பே, "எல்கேஜி 12.30-க்கு விட்டுருவாங்க, பன்னிரண்டுக்குக் கிளம்பலாமா?" அடுத்த வாரம் அதே மாதிரி இன்னும் இரண்டு. 9.45 முதல் 11.45 என்று மாற்றினோம். அந்த 38 வயதுப் பெண் கேட்ட கேள்விக்கும் பேட்ச் நேரத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தோம்: இந்த பேட்சில் பெரும்பாலும் வீட்டிலிருந்து வரும் பெண்கள். இந்தக் கேள்வியை யாரும் கூகுளில் தட்டமாட்டார்கள். போனை வைக்கும் முன், குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள்.

இன்னொரு தப்பு என்னுடையது. அடுத்த பேட்ச் தொடங்கும் தேதியை, ஜூலை 22 என்று நேரடியாக எழுதி வைத்திருந்தேன். ஆகஸ்ட் 5-ம் தேதி வரை அது அப்படியே கிடந்தது. கூப்பிட்ட ஒருவர், "பேட்ச் முடிஞ்சிருச்சுங்களா, இல்ல நிலையமே மூடிட்டாங்களான்னு நெனச்சேன்" என்றார். பழைய தேதி இருப்பதைவிடத் தேதியே இல்லாமல் இருப்பது மேல். இப்போது தேதி இல்லை, "ஒவ்வொரு மாதமும் 22-ம் தேதி" என்ற விதி மட்டும். யாரும் புதுப்பிக்க மறந்தாலும் அது பொய்யாகாது.

ஆகஸ்டில் உரிமையாளர் கலவரத்தோடு கூப்பிட்டார். போன் குறைந்துவிட்டதாம். குறைந்திருந்தது உண்மை. மே மாதம் சீசன், ஆகஸ்ட் சீசன் இல்லை, அதனால் இரண்டையும் வைத்து எண்ணிக்கையை ஒப்பிடுவது தப்பு என்றேன். அவருக்கு அது சமாதானமாகப் படவில்லை. சரி என்று மறுபடி மூன்று நாள் ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். பீஸ் எவ்வளவு என்று ஆரம்பித்த அழைப்பு அந்த மூன்று நாளில் இரண்டுதான். மற்றவை, "அந்த ஏழரை பேட்ச்ல இடம் இருக்குதுங்களா?", "ரெண்டாவது தவணை எந்தத் தேதிக்குள்ள?" என்று ஆரம்பித்தன. கேட்டுக்கொண்டே நின்ற உரிமையாளர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். முதல் இரவு பேட்சில் ஏழு பேர் இருந்தார்கள். அது வெப்சைட்டால் வந்ததா, பேட்ச் என்று ஒன்று இருந்ததால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழி இல்லை. நூல் கடைக்காரருக்கும் சொல்லி அனுப்பினோம். அவர் அங்கே பாதிக்கு மேல் முடித்துவிட்டாராம்.

அக்கா புது நீள நோட்டு வாங்கியிருக்கிறார். குறிப்புக் கட்டத்தைச் சுருக்கி, பக்கத்தில் "கடைசிக் கேள்வி" என்று ஒரு கட்டம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறார். போன வாரம் புரட்டிப் பார்த்தேன். "வ.நி." என்று ஐந்து இடத்தில் இருந்தது.

"வண்டி நிறுத்த இடம் இருக்குதான்னு கேக்கறாங்கண்ணா. கீழ கடைக்காரர் விடமாட்டேங்கறாரு" என்றார்.